அம்மா சொன்னது எங்கள் எல்லோருக்கும் தெரியும், அது போதாதா?

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

என் அம்மாவுக்கு 74 வயது. மறதிநோயின் தொடக்க நிலை என்று ஓராண்டுக்கு முன் சொன்னார்கள். பெயர்கள் தடுமாறுகின்றன, ஆனால் நிதானமாகப் பேசினால் புரிந்துகொண்டு பதில் சொல்கிறார். அப்பா கடைசி 17 நாள் வென்டிலேட்டரில் இருந்தார். அதைப் பார்த்ததிலிருந்து, "எனக்குக் குழாய் எதையும் மாட்டிவிடாதீர்கள்" என்று அம்மா அடிக்கடி சொல்கிறார்.

அம்மா என்னோடு இருக்கிறார். இரண்டு அண்ணன்களும் வெவ்வேறு நாடுகளில் இருக்கிறார்கள். அம்மாவின் விருப்பம் மூவருக்கும் தெரியும் என்பதால், எழுதி வைக்கத் தேவையில்லை என்று இருந்தேன். பெரிய அண்ணன், சொத்து விவகாரங்களுக்காக அம்மா தனக்குப் பவர் எழுதிக் கொடுத்திருப்பதால் மருத்துவ முடிவும் தன்னுடையதே என்கிறார். சின்ன அண்ணன் இணையத்திலிருந்து, பின்னாளில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் லிவிங் வில் படிவம் ஒன்றை எடுத்து அனுப்பி, அம்மாவிடம் கையெழுத்து வாங்கச் சொல்கிறார். என் கணவரோ, அதில் கையெழுத்துப் போட்டால் சாதாரணக் காய்ச்சலுக்குக்கூட வைத்தியம் பார்க்க மாட்டார்கள் என்று பயப்படுகிறார். நாங்கள் என்ன செய்வது?

— ஒரு மகள்

அன்புள்ள சகோதரிக்கு,

சட்டத்தை விட்டுவிட்டு முதலில் ஓர் இரவைப் பற்றிப் பேசுகிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவிலும் பிறகு வலி தணிப்பு மருத்துவத்திலுமாக நான் பல முறை பார்த்த இரவு அது. குடும்பப் புரிதல், லிவிங் வில், மருத்துவ முடிவுக்கு ஒருவரை எழுத்தில் நியமிப்பது ஆகிய மூன்று ஏற்பாடுகளுக்கும் உள்ள வேறுபாடு அலுவலக மேசையில் அவ்வளவாகத் தெரியாது. அந்த இரவில் பளிச்சென்று தெரியும்.

மூன்று ஆண்டுகள் கழித்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் நோய் நடுக்கட்டத்தைத் தாண்டிவிட்டது. உங்களைக் கண்டால் முகம் மலர்கிறது. உங்கள் பெயர் வருவதில்லை. ஊட்டினால் சாப்பிடுகிறார், இடையிடையே புரையேறுகிறது. இரண்டு நாள் இருமலுக்குப் பிறகு, இரவு 2 மணிக்கு மூச்சு வாங்குகிறது. அவசரப் பிரிவில் விரல் நுனியில் மாட்டும் கருவி ஆக்சிஜன் அளவை 82 என்று காட்டுகிறது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பகுதி வெள்ளையாக இருக்கிறது. உணவு தவறான வழியில் இறங்கியதால் வந்த நிமோனியா. பணியில் இருக்கும் இளம் மருத்துவர் அம்மாவை இதற்கு முன் பார்த்ததே இல்லை. "மூச்சுத் தசைகள் களைத்துவிட்டன. வென்டிலேட்டர் போடலாமா? கொஞ்ச நேரத்தில் சொல்லிவிடுங்கள்" என்கிறார். ஆன்டிபயாடிக் வேலை செய்தால் ஐந்தாறு நாளில் கருவியிலிருந்து எடுத்துவிடலாம். எடுக்க முடியாமலும் போகலாம். அது அவருக்கும் தெரியாது.

இந்த ஒரே இரவை மூன்று விதமாக நடத்திப் பார்ப்போம்.

கையில் குடும்பப் புரிதல் மட்டும் இருந்தால்

"அம்மா குழாய் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்" என்கிறீர்கள். மருத்துவர் அதை மதிப்பார். ஆனால் அடுத்த கேள்வி, "வேறு யாரிடம் பேச வேண்டும்?" என்பது. பெரிய அண்ணனைத் தொலைபேசியில் அழைக்கிறீர்கள். "எல்லாவற்றையும் செய்யச் சொல், நான் கிளம்பி வருகிறேன்" என்கிறார். அம்மா சொன்னது அவருக்கும் தெரியும்தானே? தெரியும். "அது அப்பா மாதிரி மீள முடியாத நிலைக்குச் சொன்னது, இது வெறும் நிமோனியா" என்பது அவர் கணக்கு. அவர் சொல்வதில் தவறில்லை என்பதுதான் சங்கடம்.

பிள்ளைகளுக்குள் கருத்து வேறுபாடு என்று தெரிந்த கணத்தில் மருத்துவர் குழாயைப் போட்டுவிடுவார். நானும் அதையே செய்திருக்கிறேன். போட்ட கருவியைப் பிறகு எடுக்கலாம்; போன உயிரைத் திரும்ப வைக்க முடியாது. எழுத்தில் ஒன்றும் இல்லாதபோது அவசரப் பிரிவு சாய்கிற பக்கம் இதுதான், அதில் குற்றம் காண முடியாது.

நீங்கள் மூவரும் அறிந்திருப்பது அம்மாவின் ஒரு வாக்கியம். அதற்கு அவர் வைத்திருக்கும் பொருளை யாரும் கேட்டதில்லை. குழாய் என்றால் எந்தக் குழாய்? தொண்டைக்குள் செல்லும் சுவாசக் குழாயா, மூக்கு வழி உணவுக் குழாயா, ஆக்சிஜன் வரும் மெல்லிய குழாயா, கையில் ஏறும் சலைனா? பல ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இதே சொல்லை என்னிடம் சொன்னார். பிள்ளைகள் நால்வரும் அது வென்டிலேட்டரைத்தான் குறிக்கிறது என்று உறுதியாக இருந்தார்கள். நான் கட்டிலோரம் உட்கார்ந்து, "எந்தக் குழாய் அம்மா?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, சிறுநீர்க் குழாயைப் பற்றி மெல்லச் சொன்னார். முந்தைய அறுவைச் சிகிச்சையின்போது, வார்டில் எல்லோரும் பார்க்கும்படி அந்தப் பை தொங்கியது அவருக்குத் தாங்கவில்லை. "நாலு நாள் மிஷினில் மூச்சு விட்டுப் பிழைத்துக்கொள்வேன் என்றால் போடுங்களேன், அதற்கென்ன" என்றார். பிள்ளைகள் வாயடைத்து நின்றார்கள்.

அவர்கள் அக்கறையில்லாத பிள்ளைகள் அல்லர். நெருங்கிய உறவினர்களிடம், நோயாளி இந்தச் சூழலில் எந்தச் சிகிச்சையை ஏற்பார் என்று கேட்டு, அந்தப் பதிலை நோயாளி தாமே சொன்னதோடு ஒப்பிட்ட 16 ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழ் வெளியிட்டது. உறவினர்களின் ஊகம் 68 விழுக்காடுதான் பொருந்தியது. மூன்றில் ஏறக்குறைய ஒன்று தவறு. நோயாளியே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளும் இதில் மற்றவர்களைவிடச் சிறப்பாகச் செய்யவில்லை. இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

வாய்மொழிப் புரிதலுக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. அது ஒரு சாட்சியம். யாரும் மறுக்காதவரை பல வீடுகளில் அதுவே போதுமானதாக இருக்கிறது. மறுப்பு வந்தால், அது நிரூபிக்கப்பட வேண்டிய சாட்சியமாக மாறிவிடுகிறது. அமெரிக்காவில் டெரி ஷைவோ என்ற பெண் 1990-இல், 26 வயதில், இதயம் நின்று மூளை பாதிக்கப்பட்டார். எழுத்தில் எதுவும் இல்லை. இப்படி வாழ அவர் விரும்பமாட்டார், முன்பே சொல்லியிருக்கிறார் என்றார் கணவர். இல்லை என்றார்கள் பெற்றோர். நீதிமன்றம் இறுதியில் அந்த வாய்மொழிப் பேச்சுகளை ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்குள் உணவுக் குழாய் இரு முறை எடுக்கப்பட்டு, இரு முறை மீண்டும் போடப்பட்டது. மூன்றாம் முறை எடுத்த பிறகு, 2005 மார்ச் 31 அன்று அவர் இறந்தார். இடையில் 15 ஆண்டுகள்.

கையில் அந்தப் படிவம் மட்டும் இருந்தால்

சின்ன அண்ணன் அனுப்பியது எந்தப் படிவம் என்று எனக்குத் தெரியாது. இணையத்தில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் இப்படி ஒரு வரி இருக்கும்: "குணப்படுத்த இயலாத நோயால், மீள வாய்ப்பில்லாத நிலையில் நான் இருந்தால் செயற்கையாக உயிரை நீட்டிக்க வேண்டாம்." படிக்க நன்றாக இருக்கிறது. இதை இரவு 2 மணிக்கு அந்த இளம் மருத்துவரிடம் நீட்டுங்கள். நிமோனியா குணப்படுத்த இயலாத நோயா? இல்லை. மறதிநோய்? ஆம், ஆனால் இன்றிரவு மூச்சை அடைப்பது அது நேரடியாக அல்லவே. மீள வாய்ப்பில்லையா? இருக்கிறது, எவ்வளவு என்று தெரியாது. ஆவணம் சொல்லும் நிலை இன்னும் வரவில்லை என்று அவர் அதை மடித்துக் கோப்பில் வைத்துவிடுவார். அது சரியான வாசிப்பும்கூட.

உங்கள் கணவரின் அச்சத்துக்கு இதிலேயே பதில் இருக்கிறது. லிவிங் வில், கையெழுத்திட்ட நாளிலிருந்து இயங்கும் ஆவணம் அன்று. இரண்டு பூட்டுகள் திறந்தால்தான் அது பேசும். அம்மா தாமே முடிவெடுக்கும் திறனை இழந்திருக்க வேண்டும். ஆவணம் விவரிக்கும் நோய்நிலை உண்மையில் வந்திருக்க வேண்டும். காய்ச்சலோடு அம்மா நடந்து வந்து "ஊசி போடுங்கள்" என்றால், அந்தக் காகிதத்தை யாரும் எடுத்துப் பார்க்கப் போவதில்லை. அவர் பேசும்வரை அவர் பேச்சே செல்லும். கணவர் இதையும், "இதயம் நின்றால் மீண்டும் இயக்க முயல வேண்டாம்" என்று மருத்துவர் நோயாளியின் கோப்பில் எழுதும் குறிப்பையும் ஒன்றாக நினைத்திருக்கலாம். அந்தக் குறிப்பு மருத்துவர் எழுதுவது, அன்றைய நிலைக்கு உரியது, அந்த ஒரு செயலை மட்டும் தடுப்பது. லிவிங் வில் நோயாளி எழுதுவது, வரப்போகும் காலத்துக்கானது.

நான் பார்த்தவரை இந்த ஆவணங்கள் வரம்பு மீறி வேலை செய்ததைவிட, வேலை செய்யாமலே போனதுதான் அதிகம். ஆனால் எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. பொதுவான வரி பயன்படாது என்று பயந்து, "எந்த நிலையிலும் வென்டிலேட்டர் வேண்டாம்" என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். நாளைக்கே அம்மாவுக்கு ஒரு மருந்து ஒவ்வாமையால் தொண்டை வீங்கினால், இரண்டு நாள் கருவியில் இருந்து முழுதாகத் திரும்பக்கூடியவருக்கு அந்த வரி குறுக்கே நிற்கும். கருவிகளின் பெயரைப் பட்டியல் போடுகிற ஆவணம் எல்லாமே இந்த இரண்டு பள்ளங்களில் ஒன்றில் விழுகிறது. என்ன நிலை என்பதை முதலில் எழுதி, அந்த நிலையில் என்ன வேண்டாம், என்ன வேண்டும் என்று தொடர்வதே சரி.

கையில் நியமிக்கப்பட்ட ஒருவர் இருந்தால்

அதே இரவு. இந்த முறை, அம்மா தம் மருத்துவ முடிவுகளுக்கு உங்களைப் பிரதிநிதியாக எழுத்தில் நியமித்திருக்கிறார். மருத்துவர் உங்களிடம் கேட்கிறார். நீங்கள் திருப்பிக் கேட்க முடிகிறது, காகிதத்தால் அது முடியாது. "குழாய் போடாமல் முகத்தில் இறுக்கமாகப் பொருத்தும் மாஸ்க் வழியே மூச்சுக்கு உதவ முடியுமா? போட்டால் எத்தனை நாளில் தெரியும்? தேறவில்லை என்றால் எடுப்பீர்களா?" இந்த மூன்று கேள்விகளிலிருந்து புதிதாக ஒரு வழி பிறக்கிறது. எங்கள் துறையில் அதைக் கால வரையறையுள்ள முயற்சி என்போம்: சிகிச்சையைத் தொடங்கும்போதே, எந்த நாளில், எதைப் பார்த்துத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்வோம் என்பதைக் குறித்துவிடுவது. உங்கள் அம்மா விஷயத்தில் மாஸ்க், ஆன்டிபயாடிக், 72 மணி நேரம். தேறினால் வீடு. தேறாவிட்டால் குழாயை நோக்கிப் போகாமல், மூச்சுத்திணறலைத் தணிக்கும் மருந்துகளோடு அருகில் இருப்பது.

அண்ணன் தொலைபேசியில் மறுத்தால்? அவர் சொல்வதை மருத்துவர் கேட்பார். ஆனால் பேச வேண்டியவர் யார் என்ற கேள்வி ஏற்கெனவே முடிந்துவிட்டது.

இப்போது அந்த 68 விழுக்காட்டை நினைத்துப் பாருங்கள். நியமனம் உங்களுக்கு அதிகாரம் தருகிறது. அம்மாவின் மனத்தைப் பற்றிய அறிவைத் தருவதில்லை. வெறுமனே நியமித்துவிட்டுப் பேசாமல் இருந்தால், நீங்கள் உங்கள் அச்சத்தையோ அப்பாவின் அந்த 17 நாள்களையோ வைத்துத்தான் முடிவெடுப்பீர்கள். ஆகவே ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்வு செய்வதாக இதைப் பார்க்க வேண்டாம். எழுதியது, உங்களுக்கு அம்மா தரும் குறிப்பு; நியமனம், அதைப் படித்து முன்னெடுக்க உங்களுக்கு உள்ள உரிமை; குடும்பப் புரிதல், அந்த உரிமையை மற்றவர்கள் அன்றைக்கு எதிர்க்காமல் இருப்பதற்கான பேச்சு.

பவர் பத்திரம் ஏன் உதவாது

பெரிய அண்ணன் நினைப்பது மிகப் பரவலான தவறு. சொத்துக்காகக் கொடுத்த பவர், வங்கிக்கும் பத்திரப் பதிவுக்கும் உரியது. மருத்துவச் சிகிச்சையை ஏற்பதும் மறுப்பதும் அதில் அடங்காது. போதாததற்கு, இந்தியச் சட்டத்தில் சாதாரணப் பவர், கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் முடிந்துவிடும். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. அதாவது எப்போது தேவைப்படுமோ, சரியாக அப்போது அது செத்துவிடுகிறது. மூத்த மகன் என்பதால் தானாக வரும் உரிமை என்றும் நான் அறிந்த சட்டங்களில் ஒன்றில்லை. இங்கிலாந்தில் "நெருங்கிய உறவினர்" என்ற தகுதியே, பெரியவர் ஒருவரின் மருத்துவ முடிவை எடுக்கும் சட்ட அதிகாரத்தைத் தருவதில்லை. மருத்துவமனைப் படிவத்தில் "நெருங்கிய உறவினர்" என்ற கட்டத்தில் பெயர் எழுதியவர்கள் பலருக்கு இது அதிர்ச்சி.

அம்மா எந்த நாட்டில் இருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பது பொருட்டன்று. அம்மா படுத்திருக்கும் கட்டில் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்தச் சட்டமே செல்லும். மூன்று நாடுகளை மட்டும் தொட்டுக் காட்டுகிறேன். ஒரே பெயருள்ள ஆவணம் இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுகிறது என்று தெரியும்.

இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லாத நிலையில், உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று அளித்த தீர்ப்பு லிவிங் வில் என்னும் முன்விருப்ப ஆவணத்தை ஏற்றுக்கொண்டது. அதன் நடைமுறை கடினமாக இருந்ததால், 2023 ஜனவரி 24 அன்று திருத்தியது. முன்பு நீதித்துறை நடுவர் முன் மேலொப்பம் வேண்டும் என்றிருந்தது. இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி ஒருவரின் சான்றைப் பெற்றால் போதும். பிரதிநிதி இந்த ஆவணத்துக்குள்ளேயே இருக்கிறார்: தம்மால் முடியாதபோது சிகிச்சையை மறுக்கவோ நிறுத்தவோ ஒப்புதல் தருபவர்களாக ஒருவருக்கு மேற்பட்டவர்களையும் குறிப்பிடலாம். ஆனால் அவர் சொன்ன மாத்திரத்தில் கருவியை எடுத்துவிட மாட்டார்கள். சிகிச்சை தரும் மருத்துவரும், குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவமுள்ள இரு துறை வல்லுநர்களும் அடங்கிய முதல் குழு பார்க்க வேண்டும். பிறகு, மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவரையும் வேறு வல்லுநர்களையும் கொண்ட இரண்டாம் குழு பார்க்க வேண்டும். ஒவ்வொரு குழுவும் முடிந்தவரை 48 மணி நேரத்தில் கருத்துச் சொல்ல வேண்டும். செயல்படுத்துமுன் நடுவருக்குத் தகவல் தர வேண்டும். ஆவணத்தின் வாசகம் தெளிவில்லை என்றால், அதைச் செயல்படுத்த மாட்டார்கள். ஆவணமே இல்லாதவருக்கு உரிய நடைமுறைக்குப் போய்விடும். பொதுவான வரிகளைப் பற்றி நான் இவ்வளவு சொன்னதற்கு இதுவும் காரணம். மனநலச் சிகிச்சைக்கான முன்விருப்பம் வேறு. அது 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டையும் தனித்தனியே வைத்திருக்கிறது. உயிர் காக்கும் சிகிச்சையை முன்கூட்டியே மறுப்பதென்றால் எழுத்தும் கையெழுத்தும் சாட்சியும் வேண்டும். "என் உயிருக்கு ஆபத்து என்றாலும் இது பொருந்தும்" என்ற வாசகமும் வேண்டும். பிரதிநிதியை நியமிக்கும் பத்திரம் தனி, அதை அரசு அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் செல்லும். அங்கே ஒரு பொறி இருக்கிறது. முதலில் சிகிச்சை மறுப்பை எழுதிவிட்டு, பிறகு அதே முடிவை எடுக்கும் அதிகாரத்தைப் பிரதிநிதிக்குக் கொடுத்தால், முந்தைய மறுப்பு செல்லாமல் போகும். இரண்டையும் எழுதியவர்கள் தேதிகளைப் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரில் 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மரணத்தை நெருங்கிய நிலைக்கான முன்விருப்பத்தைக் குறிப்பிட்ட படிவத்தில் எழுதிப் பதிவு செய்யலாம். இரு சாட்சிகளில் ஒருவர் மருத்துவராக இருக்க வேண்டும். நீடித்த அதிகாரப் பத்திரத்தின் மூலம் ஒருவரை நியமிக்கவும் வழியுண்டு. ஆனால் அந்த நியமனதாரரால் உயிர் காக்கும் சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்க முடியாது. அங்கே பத்திரம் எழுதிவிட்டு, வென்டிலேட்டர் கேள்விக்கும் அதுவே பதில் என்று இருந்தால் ஏமாற்றம்தான்.

எந்த வரிசையில் செய்வது

முதலில் ஆளைத் தேர்ந்தெடுக்கட்டும், அம்மாவே. மூத்தவரா, மகனா என்பதைப் பார்க்க வேண்டியதில்லை. இரவில் தொலைபேசியை எடுப்பவர், மருத்துவரிடம் கேள்வி கேட்கத் தயங்காதவர், தமக்கு விருப்பமில்லாததையும் அம்மாவுக்காகச் சொல்லக்கூடியவர் யார்? மூன்றாவது தகுதிதான் அரிது. உங்களுக்கு அது இல்லை என்று நீங்கள் நினைத்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், அதில் வெட்கமில்லை. ஒருவரையும் அவருக்கு மாற்றாக இன்னொருவரையும் குறிப்பிடலாம். மூன்று பிள்ளைகளுக்கும் மனக்குறை வரக்கூடாது என்று "மூவரும் சேர்ந்து" என்று எழுதினால், முதல் பகுதியில் பார்த்த இரவையே முத்திரை குத்தி வாங்கியதாக ஆகும்.

பிறகு பேச்சு. "வென்டிலேட்டர் வேண்டுமா?" என்று தொடங்காதீர்கள். அப்பாவின் அந்த நாள்களிலிருந்து தொடங்குங்கள். எது பொறுக்க முடியாததாக இருந்தது? கருவியா, பேச முடியாததா, கையைக் கட்டி வைத்ததா, யாரையும் உள்ளே விடாததா? எது போய்விட்டால் இனி நீட்டிக்க வேண்டாம் என்று தோன்றும்? குணமாகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றால் எத்தனை நாள் பொறுப்பார்? அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே எழுதுங்கள்.

இந்த நோயில் நிச்சயம் கேட்டுவைக்க வேண்டியது உணவைப் பற்றி. வென்டிலேட்டர் கேள்வி வராமலே போகலாம். விழுங்க மறக்கும் நாள் பெரும்பாலும் வரும். அப்போது, "பட்டினி போடுவதா?" என்ற சொல் வீட்டுக்குள் வரும்; குழாய் போடும் முடிவுகளில் பாதியை அந்தச் சொல்லே எடுத்துவிடுகிறது. முற்றிய மறதிநோயில் குழாய் வழி உணவு ஆயுளை நீட்டிப்பதாகவோ, புரையேறி வரும் நிமோனியாவைத் தடுப்பதாகவோ ஆய்வுகள் காட்டவில்லை. முதியோர் மருத்துவ அமைப்புகள், கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் ஊட்டுவதையே பரிந்துரைக்கின்றன. அவர் வாயை மூடிக்கொள்ளும்போது நிறுத்திவிடலாம். உடல் மூடத் தொடங்கியதால் உணவு குறைகிறது. உணவு குறைந்ததால்தான் உடல் மூடுகிறது என்று நாம் தலைகீழாகப் புரிந்துகொள்கிறோம். இதை அம்மாவிடம் இன்றே சொல்லிவிட்டு, அவர் விருப்பத்தைக் கேளுங்கள்.

அதன் பின் எழுதுவது. உங்கள் அம்மாவின் வாயிலிருந்து வந்தால் அது ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"என் பிள்ளைகளை எனக்குத் தெரியாமல் போய், வாயால் உண்ணவும் முடியாத நிலை வந்து, அது மாறாது என்று இரு மருத்துவர்கள் சொன்னால், எனக்குச் செயற்கை சுவாசம், நின்ற இதயத்தை இயக்கும் முயற்சி, மூக்கு வழியாகவோ வயிறு வழியாகவோ குழாய் உணவு ஆகியவை வேண்டாம். வலி, மூச்சுத்திணறல், பதற்றம் ஆகியவற்றுக்கான மருந்து வேண்டும், அதனால் தூக்கம் அதிகமானாலும் சரி. அந்த நிலைக்கு முன், குணமாகக்கூடிய நோய் வந்தால் சிகிச்சை தரலாம். சுவாசக் கருவியையும் ஐந்து நாள் வரை முயன்று பார்க்கலாம். அதற்கு மேல் தொடர்வதை என் மகள் முடிவு செய்வாள். நான் எழுதாத நிலை ஏதேனும் வந்தால், மேலே சொன்னதை வைத்து அவளே முடிவு செய்யட்டும்."

இதை அப்படியே படி எடுக்க வேண்டாம். அம்மா ஐந்து நாள் என்பாரா, ஒரு நாள்கூட வேண்டாம் என்பாரா என்று எனக்குத் தெரியாது. அவர் இருக்கும் நாட்டின் வடிவத்துக்குள் இதைப் பொருத்தித் தர ஒரு வழக்கறிஞரின் ஒரு மணி நேரம் போதும். கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். காகிதம் எதிர்பார்க்காத கேள்வி வரும்போது அதுவே பாலம்.

எழுதி முடித்ததும் அண்ணன்கள் இருவரையும் காணொளியில் அழைத்து, அம்மாவே அதை வாசிக்கட்டும், அல்லது நீங்கள் வாசிக்க அவர் தலையாட்டட்டும். பெரிய அண்ணன் அன்றைக்கு வருத்தப்படலாம். வருத்தப்பட அதுவே நல்ல நேரம், கேள்வி கேட்க அம்மா எதிரில் இருக்கிறார். பிரதிகளை உங்களிடமும், மாற்றுப் பிரதிநிதியிடமும், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமும், மருத்துவக் கோப்பிலும் வையுங்கள். வங்கி லாக்கரில் இருக்கும் ஆவணம் இரவு 2 மணிக்குக் கைக்கு வராது.

இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது

"தொடக்க நிலை" என்ற சொல்லைப் பார்த்துத்தான் இந்தக் கடிதத்துக்கு உடனே பதில் எழுதினேன். மறதிநோய் என்ற பெயர் வந்துவிட்டதாலேயே ஒருவர் முடிவெடுக்கும் திறனை இழந்துவிடுவதில்லை. இந்தக் குறிப்பிட்ட விஷயத்தை அவரால் புரிந்துகொள்ள முடிகிறதா, முடிவெடுக்கும் அளவுக்கு மனத்தில் வைத்திருக்க முடிகிறதா, சாதக பாதகங்களை எடைபோட முடிகிறதா, முடிவைச் சொல்ல முடிகிறதா என்ற நான்கையும்தான் பார்ப்போம். இன்று என்ன கிழமை என்று தெரியாதவரும் இதில் தேறலாம். ஆனால் பின்னாளில் யாராவது, "அப்போதே அம்மாவுக்கு நினைவில்லை, அவள்தான் கையெழுத்து வாங்கிவிட்டாள்" என்று சொல்ல இடம் இருக்கக்கூடாது. எனவே கையெழுத்திடும் அதே நாளில், அவரைப் பார்த்துவரும் நரம்பியல் மருத்துவரோ மனநல மருத்துவரோ இந்த நான்கையும் சோதித்து ஒரு குறிப்பு எழுதித் தரட்டும். அவர் கேட்கும் நேரத்தில் நீங்கள் அறைக்கு வெளியே இருங்கள். சாட்சிகளும் சொத்தில் பங்கில்லாதவர்களாக இருப்பது நல்லது.

மறதிநோய் உள்ளவர்களுக்கு ஒரு நாளிலேயே ஏற்ற இறக்கம் உண்டு. பலர் காலையில் தெளிவாக இருப்பார்கள், மாலை மங்கும்போது குழம்புவார்கள். அம்மா எந்த நேரத்தில் தெளிவாக இருக்கிறார் என்று ஒரு வாரம் கவனித்து, மருத்துவரிடம் அந்த நேரத்துக்கே அப்பாயின்ட்மென்ட் கேளுங்கள். காது கேட்கும் கருவி, கண்ணாடி இருந்தால் மறக்காமல் போட்டுவிடுங்கள். முடிவெடுக்கும் திறன் இல்லை என்று எழுதப்பட்ட நோயாளிகளில், கேள்வியே காதில் விழாமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒருவேளை மருத்துவர், "காலம் கடந்துவிட்டது" என்று சொன்னால், அதன் பிறகு அம்மா சார்பில் நீங்கள் யாரும் லிவிங் வில் எழுத முடியாது, பிரதிநிதியை நியமிக்கவும் முடியாது. அப்போது எஞ்சுவது அம்மா வாய்மொழியாகச் சொன்னதற்கான சாட்சியம் மட்டுமே. அப்படி ஆனால், அவர் எப்போது, எதைப் பார்த்து, யார் முன்னிலையில், என்ன சொன்னார் என்று மூவரும் ஒருவரையொருவர் கேட்காமல் தனித்தனியே எழுதுங்கள். பிறகு ஒன்றாக வைத்துப் பாருங்கள். எங்கே பொருந்தவில்லையோ, அதை அந்த இரவுக்கு முன்பே அவருடைய மருத்துவரை உடன் வைத்துக்கொண்டு பேசித் தீர்த்து, தேதியோடு கோப்பில் சேர்த்துவிடுங்கள்.